லைனில் பழுதில்லை, அடாப்டரில்தான்

பகலில் ஒரு குறையும் இருக்காது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஹாலில் டிவியில் படம், உள்ளறையில் பையனுக்கு ஆன்லைன் வகுப்பு, ஆளுக்கொரு கையில் போன் என்று ஆனதும் வைஃபை காணாமல் போகும். இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாகவே திரும்பி வந்துவிடும். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பார்கள். மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஆள் வருவார். ஃபைபரைக் கழற்றி மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு, "சிக்னல் நல்லாத்தானே இருக்கு" என்று கிளம்பிவிடுவார். அவர் சொல்வதும் பொய்யில்லை. சுவரில் செருகியிருக்கும் கறுப்பு அடாப்டரை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரவுட்டரில் பச்சை விளக்கு எரிகிறதே, கரண்ட் வராமலா எரியும் என்ற நினைப்புதான் காரணம்.

அந்த விளக்கை நம்பக் கூடாது. அது எரிய ஒரு துளி மின்சாரம் போதும். ரவுட்டருக்கு உண்மையில் தேவைப்படுவது அதைப்போலப் பல மடங்கு, அதுவும் ஒரே சீராக அல்ல. 12 வோல்ட் உள்ளே வந்ததும் பலகையில் உள்ள சிறு சுற்றுகள் அதை 5, 3.3, ஏறத்தாழ 1 வோல்ட் என்று படிப்படியாகக் குறைத்து, சிப்புகளுக்குப் பங்கிடுகின்றன. யாரும் பயன்படுத்தாதபோது செலவு குறைவு. நாலு பேர் வீடியோ பார்க்கத் தொடங்கியதும் வைஃபை ஒலிபரப்பும் பகுதி துடிப்பு துடிப்பாக மின்சாரத்தை இழுக்கும். அடாப்டருக்குத் தெம்பு இல்லையென்றால் அந்த நொடியில் வோல்ட்டேஜ் சரியும். தோட்டத்தில் பம்புசெட் ஓடத் தொடங்கியதும் வீட்டு விளக்கு மங்குகிறதல்லவா, அதே சங்கதிதான். மங்கல் விளக்கை நாம் பொறுத்துக்கொள்வோம், பிராசசர் பொறுக்காது. குறைந்த வோல்ட்டேஜில் தப்புத்தப்பாகக் கணக்குப் போடுவதைவிட மறுபடி முதலிலிருந்து தொடங்குவதே மேல் என்று, அதைக் காவல் காக்கும் சுற்று ரீசெட் கொடுத்துவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வோல்ட்டேஜ் குறைந்தால் ரவுட்டர் அடங்கிப் போகாது, கூடுதல் ஆம்பியர் கேட்கும். 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் என்றால் 12 வாட். அதே 12 வாட் வேலையை 9 வோல்ட்டில் செய்ய 1.33 ஆம்பியர் வேண்டும். அதாவது சோர்ந்த அடாப்டர்மேல் சுமை மேலும் ஏறுகிறது, அது மேலும் சோர்கிறது. அதனால்தான் பிரச்சினை மெல்லத் தலைகாட்டாமல் ஒரேயடியாக விழுகிறது.

நல்ல அடாப்டர் ஏன் கெடுகிறது? பெரும்பாலும் வெப்பத்தால். உள்ளே உருளை வடிவில் சின்னச் சின்ன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. வெளியே போகும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது அவற்றின் வேலை. அவற்றுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துவிடும். இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் அடாப்டரை டிவி அலமாரிக்குப் பின்னால், காற்றே புகாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், இன்னும் மூன்று அடாப்டர்களோடு நெருக்கிச் செருகினால் அது சீக்கிரம் காயும். கெட்டுப்போன அடாப்டர் புகைந்து நாறி அறிவித்துவிட்டுப் போவதில்லை. சுமை குறைவான நேரத்தில் 12 வோல்ட்டை ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? முதலில் நெட் போகும் நேரத்தில் ரவுட்டரின் முகத்தைப் பாருங்கள். பவர் விளக்கு அசையாமல் எரிய, எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு மட்டும் சிவப்பாகச் சிமிட்டினால் அது ஃபைபர் பிரச்சினை, அடாப்டரைத் தொட வேண்டாம். எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் அணைந்து, பிறகு ஒவ்வொன்றாக எரிந்து வந்தால் ரவுட்டரே மறுபடி தொடங்குகிறது என்று பொருள்.

பார்க்கத் தவறிவிட்டால் ரவுட்டரையே கேட்கலாம். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (பல வீடுகளில் 192.168.1.1) பிரவுசரில் அடித்து உள்ளே போனால், Status அல்லது Device Info பக்கத்தில் Uptime என்று ஒன்று இருக்கும். ரவுட்டர் கடைசியாகத் தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது அது. நீங்கள் ஒரு வாரமாகக் கை வைக்காத ரவுட்டர் "14 நிமிஷம்" என்று காட்டினால் திருடன் அகப்பட்டுவிட்டான். இணைய இணைப்பு எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று தனியாக ஒரு கணக்கும் சில ரவுட்டர்களில் இருக்கும். அது மட்டும் குறைவாக இருந்து, Uptime நாள்கணக்கில் ஓடியிருந்தால் குற்றம் லைன் பக்கம். System Log பகுதியில் நடுநடுவே 1970-01-01 என்ற தேதி தென்பட்டாலும் கவனியுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களுக்குக் கடிகார பேட்டரி கிடையாது. புதிதாகத் தொடங்கி, நெட்டிலிருந்து மணி கேட்டு வாங்கும்வரை பல ரவுட்டர்களுக்கு அதுதான் தேதி.

ரீஸ்டார்ட் ஆகிறது என்று உறுதியானதும் இரண்டு ஸ்டிக்கர்களைப் படிக்க வேண்டும்: ரவுட்டரின் அடியில் ஒன்று, அடாப்டரின் முதுகில் ஒன்று. மதுரையில் என் அத்தை வீட்டில் இந்த இரண்டையும் படித்ததிலேயே விஷயம் முடிந்தது. ரவுட்டர் ஸ்டிக்கரில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர். அதற்குச் செருகியிருந்த அடாப்டரில் 12 வோல்ட், 0.5 ஆம்பியர். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது எல்லாவற்றையும் கழற்றி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது ரவுட்டரின் அடாப்டர் கேபிள் டிவி செட்டாப் பாக்ஸுக்கும், அதனுடையது ரவுட்டருக்கும் போய்விட்டது. இரண்டுக்கும் பின் ஒரே அளவு, கறுப்பும் ஒரே கறுப்பு.

"அப்புறம் எப்படி அத்தை பகலெல்லாம் ஓடுது?" என்று மாமா மகன் கேட்டான். பதில் கணக்கில் இருக்கிறது. 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்றால் 18 வாட். ஆனால் ரவுட்டர் எந்நேரமும் 18 வாட் இழுப்பதில்லை, அது உச்சத்துக்கும் சேர்த்து வைத்த ஒதுக்கீடு. சும்மா இருக்கும்போது ஐந்தாறு வாட்டில் ஓடிவிடும். அந்தச் சின்ன அடாப்டரால் கொடுக்க முடிந்ததும் 6 வாட்தான். அத்தை மட்டும் வீட்டில் இருக்கும் பகலில் விளிம்பில் ஓடியது, பிள்ளைகள் வந்து சேர்ந்த ராத்திரியில் கவிழ்ந்தது. இரண்டு அடாப்டரையும் இடம் மாற்றினோம். செட்டாப் பாக்ஸ் இத்தனை நாள் பெரிய அடாப்டரில் நிம்மதியாக ஓடியதிலும் வியப்பில்லை. ஆம்பியர் என்பது அடாப்டர் திணிப்பது அல்ல, கருவி கேட்டு வாங்குவது. அதனால் ஆம்பியர் கூட இருக்கலாம், குறையக் கூடாது. வோல்ட் மட்டும் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட்டைச் செருகினால் பலகை எரிந்துபோக வாய்ப்புண்டு.

ஸ்டிக்கர் சரியாக இருந்தும் ரீஸ்டார்ட் ஆனால், அடாப்டர் தளர்ந்திருக்கலாம். உடனே பலர் மல்டிமீட்டரை எடுத்துப் பின்னில் வைப்பார்கள், 12.1 காட்டும், "அடாப்டர் ஓகே" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். சுமையில்லாமல் அளந்தால் செத்துக்கொண்டிருக்கும் அடாப்டரும் பன்னிரண்டு காட்டும். சுமை கொடுத்து அளக்க வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர்கள் இதற்குச் செய்யும் வேலை எளிமையானது: பைக் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 10 வாட் இழை பல்பு ஒன்று. (எல்.இ.டி. பல்பு ஆகாது.) சிசிடிவி கேமராவுக்கு ஸ்க்ரூ வைத்து மாட்டும் டிசி கனெக்டர் விற்கிறார்கள். அடாப்டர் சுவரில் இல்லாதபோது பல்பின் இரண்டு வயரையும் அதில் முறுக்கி, அடாப்டர் பின்னைச் செருகிவிட்டு, பிறகு சுவிட்சைப் போட வேண்டும். பல்பு ஏறத்தாழ 0.8 ஆம்பியர் இழுக்கும். 1 ஆம்பியரோ அதற்கு மேலோ எழுதியிருக்கும் அடாப்டருக்கு இது நியாயமான சுமை. ஐந்து நிமிஷம் எரியவிட்டு, கனெக்டரில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 11.4-க்கு மேலே நின்றால் தேறிவிட்டது. பத்துக்கு இறங்கினாலோ பல்பு விட்டுவிட்டு எரிந்தாலோ மாற்ற வேண்டியதுதான். பல்பு கை சுடும், ஜாக்கிரதை.

அடாப்டரைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். உள்ளே 230 வோல்ட் ஏ.சி. நேர்மின்சாரமாகும்போது 320 வோல்ட்டுக்கு மேல் போய்க் கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கலாம்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஒரு தனி அடையாளம் உண்டு. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் இடைவெளி கண்ணிமைக்கும் நேரம்தான். ஃபேனுக்கு அது தெரியவே தெரியாது. நல்ல அடாப்டர் அந்த இடைவெளியைத் தன் கெப்பாசிட்டர் சேமிப்பில் சமாளித்துவிடும். முன்பெல்லாம் தாண்டிவந்த ரவுட்டர் இப்போது ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் அடாப்டரின் சேமிப்பு வற்றுகிறது. மின்வெட்டுக்காக வாங்கும் மலிவான மினி யூபிஎஸ்களிலும் ஒரு சூது இருக்கிறது. சிலவற்றில் மூன்று லித்தியம் செல்களை அப்படியே ரவுட்டருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் வரும், செல் இறங்க இறங்க 9 வோல்ட் பக்கம் போய்விடும். கரண்ட் போன முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, அப்புறம் ரவுட்டர் விழுந்து விழுந்து எழுந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

ஸ்பீடு குறைவதற்கும் அடாப்டர் காரணமாகுமா? ஆகலாம், ஆனால் அடிக்கடி இல்லை. வோல்ட்டேஜ் ரீசெட் அளவுக்கு விழாமல் தடுமாறும்போது வைஃபை சிக்னல் சிதைந்து, தொலைந்த தகவலை மறுபடி மறுபடி அனுப்ப வேண்டிவரும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் மறைந்து வருவதும் உண்டு. மற்றபடி Uptime நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருக்க, ஸ்பீடு மட்டும் மந்தம் என்றால் நான் அடாப்டரைக் கடைசியில்தான் குற்றம் சொல்வேன். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு வைஃபைகளின் நெரிசல், நடுவில் நிற்கும் சுவர், இரண்டுமே அதைவிடப் பெரிய சந்தேகக் கேஸ்கள்.

மாற்று வாங்கும்போது வோல்ட், ஆம்பியரோடு மூன்றாவதாகப் பின்னையும் பார்க்க வேண்டும். வெளிவட்டம் 5.5 மில்லிமீட்டர் என்று ஒன்றுபோல இருந்தாலும் உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு அளவு உண்டு. 2.1 குத்தூசி உள்ள ரவுட்டரில் 2.5 பின் போகும், ஆனால் லொடலொடவென்று நிற்கும். வயரை அசைத்தால் அணைந்து எரியும். ஸ்டிக்கரில் வட்டம் போட்டு நடுவில் பிளஸ், மைனஸ் காட்டியிருக்கும் படமும் ரவுட்டரில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். "12 வோல்ட், 2 ஆம்பியர்" என்று அச்சடித்து நூறு ரூபாய்க்குள் விற்கிற, தீப்பெட்டி கனம்கூட இல்லாத அடாப்டரில் அந்த 2 ஆம்பியர் ஸ்டிக்கரில் மட்டுமே இருக்கும். இன்டர்நெட் கம்பெனியே கொடுத்த ரவுட்டர் என்றால் அடாப்டரும் அவர்கள் பொருள்தான். Uptime காட்டும் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் காட்டி, மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். புது அடாப்டரிலும் ராத்திரி எட்டு மணிக்கு அதே கதை தொடர்ந்தால், ரவுட்டரின் சொந்தப் பலகையோ அதன் மென்பொருளோ சூடோதான் காரணம். அதற்கு அடாப்டர் மேல் இன்னொரு நூறு ரூபாய் செலவழிக்க வேண்டியதில்லை.