சுவிட்சுக்குள் தொலையும் மைக்ரோ விநாடிகள்

பாட்டில்கள் ஓடும் கன்வேயர் பட்டை ஒன்றின் மேல் நான்கு கேமராக்கள் இருக்கின்றன. பட்டை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. பாட்டில் சரியான இடத்துக்கு வந்ததும் விளக்கு 50 மைக்ரோ விநாடி மட்டும் மின்னும். அந்த நொடிப்பொழுதில் நான்கு கேமராக்களும் படமெடுக்க வேண்டும். விளக்கை மின்னவைப்பது தொழிற்சாலையின் கட்டுப்பாட்டுக் கருவியான பி.எல்.சி. ஒவ்வொரு கேமராவுக்கும் தனிக் கம்பி இழுத்து ‘இப்போது எடு’ என்று சொல்வது பழைய வழி. ‘இத்தனை மணி, இத்தனை நிமிடம், இத்தனையாவது மைக்ரோ விநாடியில் எடு’ என்று வலையமைப்பு வழியாக முன்கூட்டியே சொல்லிவிடுவது இன்றைய வழி. ஆனால் அதற்கு எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும்.

அவை தாமாக ஒன்றாக ஓடுவதில்லை. கருவிகளுக்குள் இருக்கும் சாதாரணக் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வரை பிசகலாம். அதாவது விநாடிக்கு 50 மைக்ரோ விநாடி, ஒரு நாளுக்கு 4 விநாடிக்கும் மேல். கணினிகள் இணையத்தில் நேரம் கேட்டுக்கொள்ளும் என்.டி.பி. முறை மில்லி விநாடி அளவுக்குத்தான் பொதுவாகக் கைகொடுக்கும். ஒரு மில்லி விநாடியில் பாட்டில் 2 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், விளக்கும் மின்னி அணைந்திருக்கும். இந்த இடைவெளியை அடைக்கவே 2002-இல் ஐ.இ.இ.இ. 1588 என்ற தரம் வந்தது. பி.டி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் துல்லிய நேர நெறிமுறை அதுதான். இன்று பரவலாகப் புழங்குவது அதன் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பும் அதற்குப் பின் வந்ததும்.

அதன் கணக்கு எளியது. தலைமைக் கடிகாரம் ஒரு செய்தி அனுப்புகிறது. அது கிளம்பிய நேரம் t1, கேமராவை அடைந்த நேரம் t2. கேமரா பதிலுக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. அது கிளம்பியது t3, தலைமையை அடைந்தது t4. t1-உம் t4-உம் தலைமையின் கடிகாரப்படி, t2-உம் t3-உம் கேமராவின் கடிகாரப்படி.

```
offset = ((t2 - t1) - (t4 - t3)) / 2
delay  = ((t2 - t1) + (t4 - t3)) / 2
```

கேமராவின் கடிகாரம் 40 மைக்ரோ விநாடி முந்தி ஓடுகிறது, வழியில் ஆகும் நேரம் 2 மைக்ரோ விநாடி என்று கொள்வோம். t1 100 என்றால் t2 142. t3 200 என்றால் t4 162. முதல் வித்தியாசம் 42, இரண்டாவது −38. கணக்கின்படி பிசகு 40, பயண நேரம் 2. கேமரா தன் கடிகாரத்தை 40 பின்னுக்குத் தள்ளிக்கொள்ளும். இந்த நேரங்களைக் கருவியின் மென்பொருள் குறித்தால் அதன் தாமதமும் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால், வலையமைப்புச் சில்லே அவற்றைக் குறிக்கிறது.

இவ்வளவுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: போகும் நேரமும் வரும் நேரமும் சமம். கம்பிக்கு அது ஏறத்தாழ உண்மை. சுவிட்சுக்கு அப்படியில்லை.

சுவிட்ச் ஒரு வரிசைச் சாவடி. ஒரு வாசலில் ஏற்கெனவே ஒரு பாக்கெட் வெளியேறிக்கொண்டிருந்தால், அடுத்தது காத்திருக்க வேண்டும். ஒரு கிகாபிட் இணைப்பில் முழு அளவுப் பாக்கெட் ஒன்று வெளியேற சுமார் 12 மைக்ரோ விநாடி ஆகும். கேமராக்கள் இருக்கும் இடத்தில் இந்த நெரிசல் ஒரு திசையில் மட்டுமே வரும். படங்கள் கேமராவிலிருந்து கணினிக்குப் போகின்றன, எதிர்த்திசையில் போவது மிகச் சொற்பம். தலைமைக் கடிகாரமும் கணினி இருக்கும் பக்கத்திலேயே இருந்தால், கேமரா அனுப்பும் நேரச் செய்தி தன் படங்களுக்குப் பின்னாலேயே வரிசையில் நிற்கும்.

மேலே கண்ட கணக்கில் அந்தச் செய்தி ஒரே ஒரு பாக்கெட்டுக்காக 12 மைக்ரோ விநாடி நின்றதாக வைப்போம். t4 174 ஆகிறது. இப்போது பிசகு 34 என்று விடை வரும். உண்மையான 40-இல் 6 திருத்தப்படாமல் நிற்கும். அதாவது தாமதத்தில் பாதி பிழையாகிறது. நான்கு கேமராக்களும் ஒரே கணத்தில் படமெடுத்து ஒரே இணைப்பில் கொட்டும்போது வரிசையில் நிற்பது ஒரு பாக்கெட் அல்ல. ஐம்பது நின்றாலே தாமதம் 600, பிழை 300 மைக்ரோ விநாடி. கேமராக்கள் எவ்வளவு நன்றாக ஒத்திசைகின்றனவோ அவ்வளவுக்கு ஒன்றாகக் கொட்டி, தம் ஒத்திசைவைத் தாமே கெடுத்துக்கொள்ளும் என்பது இதில் உள்ள வேடிக்கை.

ஆலையில் இது தெரியும் விதமும் குழப்பமானது. பட்டை நிற்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். ஓடத் தொடங்கியதும் படங்கள் கறுப்பாக வரும். நான்கு கேமராக்களும் ஏறத்தாழ ஒரே அளவு முந்துவதால் தங்களுக்குள் ஒத்துப்போகும், நெரிசலில்லாத பக்கத்தில் இருக்கும் பி.எல்.சி.யின் விளக்கோடுதான் ஒத்துப்போகாது. பழி பெரும்பாலும் விளக்கின் மேல் விழும். உண்மையைக் காட்டுவது பயண நேரம். லினக்ஸில் `ptp4l` நிரல் ஓடினால் அதன் பதிவில் `master offset`, `path delay` என்ற இரண்டு எண்கள் நானோ விநாடியில் வரும். பிசகு என்று வரும் எண்ணை நம்பிப் பயனில்லை, அது தப்பான கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுச் சமர்த்தாக இருக்கும். `path delay` அப்படியல்ல. நம் உதாரணத்தில் அது 2-இலிருந்து 8 மைக்ரோ விநாடிக்கு ஏறியிருக்கும். பட்டை ஓடுவதால் கம்பி நீளாது. ஆகவே எங்கோ செய்தி காத்திருக்கிறது.

இதற்குத் தீர்வு பி.டி.பி. அறிந்த சுவிட்ச். அதில் இரண்டு வகை உண்டு. முதல் வகைக்கு ஒளிபுகு கடிகாரம் என்று பெயர். நேரச் செய்தி உள்ளே நுழைந்த கணத்தையும் வெளியேறிய கணத்தையும் சுவிட்ச் குறித்துக்கொண்டு, உள்ளே நின்ற நேரத்தைச் செய்தியின் `correctionField` என்ற இடத்தில் கூட்டி எழுதிவிடும். வரிசை மறைந்துவிடுவதில்லை, அதன் நீளம் தெரிந்துவிடுகிறது. கணக்குப் போடும்போது அதைக் கழித்தால் போதும். இரண்டாவது வகையான எல்லைக் கடிகாரத்தில் சுவிட்சே ஒரு வாசலில் தலைமையிடம் நேரம் கற்றுக்கொண்டு, மற்ற வாசல்களில் தானே தலைமையாகி நேரம் சொல்லும். நூற்றுக்கணக்கான கருவிகள் இருக்கும் இடத்தில் தலைமைக் கடிகாரத்தின் சுமையை இது குறைக்கும். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சுவிட்சுகள் கோக்கப்பட்டால், ஒவ்வொன்றின் சிறு தடுமாற்றமும் அடுத்ததுக்குக் கைமாறும். வழியில் விலை மலிவான சாதாரணச் சுவிட்ச் ஒன்று நுழைந்துவிட்டாலோ, மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பழைய நோய் திரும்பிவிடும்.

தலைமைக் கடிகாரத்தைக் கருவிகள் தமக்குள் தேர்ந்தெடுக்கின்றன. முதலில் பார்க்கப்படுவது `priority1` என்ற எண், குறைந்தது வெல்லும். பெரும்பாலான கருவிகளில் அது 128 என்றே வரும். தலைமையாக இருக்க வேண்டிய கடிகாரத்துக்குக் குறைந்த எண்ணை எழுதிவைக்க மறந்தால், ஒரு மின்தடைக்குப் பின் ஏதோ ஒரு கேமராவே தலைமையாகி, 1970-ஆம் ஆண்டைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். பி.டி.பி. வழக்கமாக எடுத்துச் செல்வது அணு நேரத்தை. அது உலகப் பொது நேரத்தை விட 37 விநாடி முன்னால் இருக்கிறது. பதிவேடுகளில் கேமராவும் பி.எல்.சி.யும் சரியாக 37 விநாடி விலகியிருந்தால், ஒன்று மட்டும் அதைக் கழிக்கிறது என்று பொருள்.

கடிகாரங்கள் ஒன்றிவிட்டாலும் பி.எல்.சி. தன் உள்ளீடுகளை 10 மில்லி விநாடிக்கு ஒரு முறைதான் பார்க்கிறது என்றால், பாட்டில் வந்ததை அது 20 மில்லிமீட்டர் தாமதமாக அறியக்கூடும். அந்த இடத்தில் உதவுவது, நிகழ்வு நடந்த கணத்திலேயே நேரத்தைக் குறித்துக்கொள்ளும் உள்ளீட்டுத் தொகுதி. அது குறித்த நேரத்தோடு பட்டையின் வேகத்தைச் சேர்த்து, பாட்டில் கேமராவுக்கு நேராக வரும் கணத்தை பி.எல்.சி. கணக்கிட்டு, அதையே கேமராக்களுக்கு அனுப்புகிறது.