இரண்டு தொழில், ஒரு தலைப்பு வரி

முப்பது வருஷ காலம் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் இலாகாவில் காகிதங்களோடு காகிதமாக வாழ்ந்து ஓய்வுபெற்ற எனக்கு, இப்போதும் மாதத்துக்கு ஓரிருவராவது வீடு தேடி வந்து, அலுவலகத்திலிருந்து வந்த விளக்கம் கேட்கும் கடிதத்தை நீட்டி, “சார், இதற்கு என்ன பதில் எழுதுவது?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தவறும் செய்தவர்கள் அல்லர். பகலில் உத்தியோகம் பார்த்து, ஓய்வு நாட்களில் வேறொரு கௌரவமான தொழிலையும் நடத்தி, அவ்விரண்டையும் லிங்க்டுஇன் தளத்தில் தம் பெயருக்குக் கீழே உள்ள ஒரே வரியில் யோசனையின்றி எழுதி வைத்ததுதான் அவர்கள் செய்த காரியம்.

சென்ற மாசம் வந்த பையனுடைய சங்கதியையே எடுத்துக்கொள்வோம். மின்துறைப் பொறியாளன், ஒரு தனியார் நிறுவனத்தில் துணைமின்நிலையங்களுக்கு வரைபடம் தயாரிப்பவன், ஏழு வயது முதல் வயலின் பயின்று, இப்போது சனி, ஞாயிறுகளில் வீட்டு மாடியில் பதினொரு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறான். அவன் எழுதியிருந்த தலைப்பு வரி இது: “பொறியாளர் | நிறுவனர் | இசைக் கலைஞர் | ஆசான் | கனவு காண்பவன்”. தன் மாடி வகுப்புக்கு ஒரு பெயர் சூட்டி, அதைத் தன் அனுபவப் பட்டியலில் புதிய பதவியாகச் சேர்த்தபோது, அந்தப் படிவத்தில் இருக்கும் `Notify network` என்னும் விசையை அவன் கவனிக்கவில்லை; அது திறந்தே கிடந்தது. சனிக்கிழமை இரவு அவன் சேர்த்த “நிறுவனர்” பதவி, திங்கட்கிழமை காலை பிரிவுத் தலைவரின் கைப்பேசிக்கு வாழ்த்துச் சொல்லும்படியான செய்தியாகப் போய்ச் சேர்ந்தது. பிரிவுத் தலைவர் வாழ்த்துச் சொல்லவில்லை. புதன்கிழமை கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தை நியாயமற்றதென்று நான் சொல்லமாட்டேன். “நிறுவனர்” என்ற சொல்லைப் படிக்கிற அதிகாரிக்கு, எதிரில் தெரிவது வயலினும் பதினொரு குழந்தைகளும் அல்ல. ஒரு கம்பெனியும், அதன் வியாபாரமும், அதற்காகத் திருடப்படும் அலுவலக நேரமும்தான். பெருமைக்காகப் போட்டுக்கொண்ட ஒரு சொல் சாட்சியமாக மாறிவிட்டது. இதற்குப் பயந்து, உத்தியோகத்துக்கு ஒன்றும் இசைக்கு ஒன்றுமாக இரண்டு கணக்குகள் திறந்து வைத்துக்கொள்ளும் சமர்த்தர்களும் உண்டு. ஒருவருக்கு அவருடைய உண்மைப் பெயரில் ஒரே கணக்குத்தான் என்பது அத்தளத்தின் நிபந்தனை. ஆகவே இரண்டு தொழில் உடையவரும் ஒரே வரியில்தான் பிழைத்தாக வேண்டும்.

வரியை எழுதுமுன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அதை எல்லோரும் கடைசியில் செய்கிறார்கள். பலர் செய்வதே இல்லை. நியமன உத்தரவை எடுத்துப் படிக்க வேண்டும். தனியார் உத்தியோகஸ்தர் வெளியே வேறு தொழில் செய்வதை அடியோடு தடுக்கும் பொதுச்சட்டம் ஒன்று இருப்பதாக அநேகர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு இரட்டை வேலையைப் பற்றிப் பேசியது மெய்யே. ஆனால் அது தடுத்தது, ஏற்கெனவே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த நாளிலேயே இன்னொரு தொழிற்சாலையிலும் வேலை செய்வதைத்தான். மாடியில் நடக்கும் வயலின் வகுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்களைக் கட்டுப்படுத்துவது, நீங்கள் வேலையில் சேர்ந்த அன்று படிக்காமல் கையெழுத்துப் போட்ட உத்தரவில், பெரும்பாலும் இரகசியக் காப்பு ஷரத்துக்கு அக்கம்பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஒரு வாசகம். “முன் அனுமதியின்றி” என்று அது தொடங்கினால் அனுமதி கேட்கலாம், கிடைக்கவும் கூடும்; “எவ்வகையிலும் கூடாது” என்று இருந்தால் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் எழுத்தில் பதில் வரும்வரை தலைப்பு வரியில் இசையைப் பற்றி ஒரு எழுத்தும் இருக்கக்கூடாது.

அரசாங்க ஊழியர்களின் நிலைமை இன்னும் கண்டிப்பானது. மத்திய அரசு ஊழியருக்கு 1964-ஆம் வருஷத்து நடத்தை விதிகளும், தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 1973-ஆம் வருஷத்து நடத்தை விதிகளும் இருக்கின்றன. மத்திய விதிகளில் 15-ஆவது விதி, எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, விஞ்ஞானப் பணிகளுக்கு முன் அனுமதி தேவையில்லை என்று சலுகை தருகிறது. இதைப் பிடித்துக்கொண்டுதான் பலர் ஏமாறுகிறார்கள். கோயில் உற்சவத்தில் ஒரு நாள் வாசிப்பது “எப்போதாவது”. வாரந்தோறும் ஆறு மணி நேரம் சம்பளம் வாங்கிக் கற்பிப்பது “எப்போதாவது” ஆகாது. தனியாரிடம் செய்த வேலைக்குக் கட்டணம் வாங்குவதற்கு உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும் என்று அதே விதி சொல்கிறது என்பதைச் சலுகையை மட்டும் படிப்பவர்கள் படிப்பதில்லை.

இனி அனுமதிக் கடிதம். “இசை கற்பிக்க விரும்புகிறேன், அனுமதி வழங்கவும்” என்று ஒற்றை வரியில் எழுதினால், அதற்கு அனுமதி கொடுக்க எந்த அதிகாரிக்கும் துணிவு வராது. கோப்பு மேஜையிலேயே தூங்கும். என்ன கற்பிக்கிறீர்கள், எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த இடத்தில், வாரத்துக்கு மொத்தம் எத்தனை மணி என்று எழுதுங்கள். கட்டணம் வாங்குவதை மறைக்காதீர்கள். அலுவலகத்தின் நேரம், கணினி, பெயர், முத்திரை எதையும் உபயோகிப்பதில்லை என்றும், நிறுவனத்தின் வாடிக்கையாளரும் உங்களுக்குக் கீழே வேலை செய்பவரும் உங்கள் மாணவர் அல்லர் என்றும் எழுதுங்கள். கடைசிப் பத்தியில், நீங்கள் போட எண்ணியிருக்கும் தலைப்பு வரியையே சொல்லுக்குச் சொல் எழுதி, அதற்கும் சேர்த்து ஒப்புதல் கேளுங்கள். இதை யாரும் செய்வதில்லை. என் அனுபவத்தில் மிகவும் பயன்பட்டது இதுதான். பிற்காலத்தில் ஒருவர் வரியைச் சுட்டிக்காட்டி ஆட்சேபித்தால், அந்த வரி அவர்கள் கோப்பிலேயே இருக்கும்.

கடிதத்தை மேலாளர் மூலமாகப் பணியாளர் இலாகாவுக்கு அனுப்பி, மின்னஞ்சலாக இருந்தால் பதிலின் நகலையும், காகிதமாக இருந்தால் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் உள்ள பிரதியையும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலாளர் தேநீர் குடிக்கும்போது “அதற்கென்னப்பா, தாராளமாகச் செய்” என்று சொன்னது அனுமதி அல்ல. அவர் மாற்றலாகிப் போனதும் அந்த வாக்கியமும் அவரோடு போய்விடும். “கடிதம் கிடைத்தது” என்று வரும் பதிலும் அனுமதி அல்ல. இலாகாக்காரர்கள் வேண்டுமென்றே இப்படி இரண்டுங்கெட்டான் பதில் அனுப்புவதை நான் உள்ளிருந்தே பார்த்திருக்கிறேன். பதினைந்து நாள் கழித்து, “ஆட்சேபணை இல்லை என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்” என்று விடாமல் மறுபடியும் எழுதவேண்டும். அந்தப் பதில் கைக்கு வருமுன் வரியை மாற்றாதீர்கள்.

அனுமதி வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, வரிக்கு வருவோம். அந்த இடத்தில் 220 குறிகள் கொள்ளும். தமிழில் எழுதுகிறவர்கள் இதில் ஒரு கணக்கை அறிய வேண்டும்: இயந்திரம் நம் உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எண்ணுவதில்லை, மெய்யைத் தனியாகவும், அதன்மேல் ஏறிய கொம்பு, கால், புள்ளி ஆகியவற்றைத் தனியாகவும் எண்ணுகிறது. “பொறியாளர்” நம் கண்ணுக்கு 5 எழுத்து. அதன் கணக்கில் 9. ஆகையால் தமிழ் வரிக்கு ஏறக்குறைய பாதி இடமே உண்டு. அதைவிட முக்கியமானது, தேடல் பட்டியலிலும் அழைப்புகளிலும் முழு வரியும் தெரிவதில்லை; தொடக்கம் மட்டும் தெரிந்து மீதி புள்ளிகளாய் மறைந்துவிடும். அந்தப் பையனுடைய வரியில் முதலில் தெரிந்தவை “பொறியாளர்”, “நிறுவனர்” என்னும் இரண்டே சொற்கள். எந்தப் பொறியாளர் என்று தேடுகிறவனுக்கும் தெரியவில்லை; எதன் நிறுவனர் என்று சந்தேகிக்கிறவனுக்கும் தெரியவில்லை.

எதை முன்னால் வைப்பது என்பதில் பலர் மனச்சாட்சியோடு மல்லுக்கட்டுகிறார்கள். இசையைப் பின்னால் வைத்தால் சரஸ்வதிக்கு அபசாரம் என்று ஒரு அம்மாள் என்னிடம் வாதாடினார். விஷயம் பக்தியைப் பற்றியதல்ல. வயலின் கற்கவரும் குழந்தையின் தாயார் அடுத்த தெருவில் விசாரித்து வருகிறார், தலைப்பு வரியைப் படித்து வருவதில்லை. பொறியாளரைத் தேடுகிறவர்தான் அந்த வரியைப் படிக்கிறார். எனவே உத்தியோகம் முன்னால், அதுவும் அதன் குறிப்பான பெயரோடு. இசை பின்னால், அதன் வாத்தியத்தோடும் நாளோடும். பையனுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்தது: “துணைமின்நிலைய வடிவமைப்புப் பொறியாளர்; சனி, ஞாயிறுகளில் கர்நாடக வயலின் ஆசிரியர்”. இயந்திரக் கணக்கில் 78 குறிகள். “சனி, ஞாயிறுகளில்” என்பது அலங்காரமல்ல. அலுவலக நேரத்தில் இது நடப்பதில்லை என்ற உறுதிமொழி அந்த இரு சொற்களிலேயே அடங்கியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே “மற்றும்” போடாமல் அரைப்புள்ளி இட்டதற்கும் காரணம் உண்டு: “மற்றும்” இரண்டையும் சமமான முழுநேர வேலைகளாகக் காட்டும்.

பட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. “பேராசிரியர்” என்பது கல்லூரிப் பதவி. மாடி வகுப்புக்காரர் அதைப் போட்டுக்கொள்ளலாகாது. பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ பட்டமாக ஒட்டக்கூடாதென்று உச்சநீதிமன்றம் 1995-ஆம் வருஷத்திலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மேதைகளுக்கே அந்த நிபந்தனை இருக்க, “இசைச் சக்கரவர்த்தி” என்று நமக்கு நாமே சூட்டிக்கொள்வது எதற்கு? அகில இந்திய வானொலியின் தேர்வில் ‘பி ஹை’ தரம் வாங்கியிருந்தால், எந்த வாத்தியத்துக்கு என்பதோடு அதை எழுதுங்கள். அது பத்து விசேஷணங்களுக்குச் சமம்.

வரியைத் திருத்திச் சேமிக்குமுன், முன்சொன்ன அந்த விசையை மூடியிருக்கிறீர்களா என்று பாருங்கள். புதிய பதவி சேர்க்கும் படிவத்திலேயே தலைப்பு வரியை மாற்றும் இடமும் இருப்பதால், ஒன்றைத் தொடப்போய் மற்றொன்றும் மாறிவிடக்கூடும். சேமித்த பிறகு பக்கத்தை மறுபடி திறந்து, வரி நீங்கள் எழுதியபடி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். ஊருக்கெல்லாம் ஆசிரியர் என்று அறிவித்துவிட்டு, வருமானவரிக் கணக்கில் சம்பளத்தை மட்டும் காட்டி ஐ.டி.ஆர்-1 படிவத்தைக் கொடுக்காதீர்கள். தொழில் வருமானம் உள்ளவருக்கு அந்தப் படிவம் பொருந்தாது.

பையனுடைய விளக்கத்தில் நாங்கள் எதையும் மறுக்கவில்லை. வகுப்பின் கிழமையையும் நேரத்தையும் சொல்லி, “நிறுவனர்” என்ற சொல்லை நீக்கியதைத் தெரிவித்து, அதனுடன் அனுமதி விண்ணப்பத்தையும் இணைத்தோம். மூன்று வாரம் பதில் இல்லை. அதுவரை அவன் வரியில் வெறும் “துணைமின்நிலைய வடிவமைப்புப் பொறியாளர்” மட்டுமே இருந்தது. நாலாவது வாரம் ஆட்சேபணை இல்லை என்று வந்த பதிலில், இந்த அனுமதி ஒரு வருஷத்துக்கு மட்டுமே என்று கீழே பொடி எழுத்தில் ஒரு வாசகம் இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை, நான்தான் காட்டினேன். முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் புதுப்பிக்கும்படி நாட்காட்டியில் குறிக்கச் சொன்னேன். வேறு நிறுவனத்துக்கு மாறினால் இந்தக் கடிதம் அங்கே செல்லாது என்பதையும், சேரும் நாளில் கொடுக்கும் படிவத்தில் பிற வேலைகளைக் கேட்கும் இடத்தைக் காலியாக விடக்கூடாது என்பதையும் இரண்டு தரம் சொல்லித்தான் அனுப்பினேன்.