பாடக்குறிப்பைக் கடைசிப் பகுதியிலிருந்து எழுதுங்கள்

2015இல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது. இரண்டாம் ஆண்டில் பயிற்சி மாணவர்கள் 16 வாரம் ஏதாவது ஒரு பள்ளியில் தங்கிப் பாடம் நடத்த வேண்டும். அந்த வாரங்களில் அவர்களைத் தூங்கவிடாமல் செய்வது பாடக்குறிப்பு நோட்டு. முதல் நாள் இரவே எழுதி, காலையில் வழிகாட்டி ஆசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினால்தான் வகுப்புக்குள் போகலாம். படிவம் கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். நோக்கம், துணைக்கருவி, முன்னறிவு, ஆர்வமூட்டல், பாட வளர்ச்சி, கரும்பலகைச் சுருக்கம், மீள்பார்வை, மதிப்பீடு, வீட்டுப்பாடம் ஆகியவை பெரும்பாலும் எல்லாவற்றிலும் இருக்கும்.

பெரும்பாலோர் இவற்றை மேலிருந்து கீழே வரிசையாக எழுதிக்கொண்டு போகிறார்கள். மதிப்பீட்டுக்கு வரும்போது மணி பதினொன்றாகிவிடும். பாடநூலின் பயிற்சிக் கணக்கில் இரண்டை எடுத்துப் போட்டு நோட்டை மூடிவிடுவார்கள். நல்ல பாடக்குறிப்பு நோக்கத்தையும் மதிப்பீட்டையும் முதலில் எழுதிய பிறகே நடுப்பகுதிக்கு வரும். ஆறாம் வகுப்பில் ஒரு 45 நிமிடப் பாடவேளைக்கு வேற்றினப் பின்னங்களின் கூட்டல் என்ற தலைப்பை எடுத்து இதைப் பார்க்கலாம்.

தலைப்பிலேயே முதல் பிழை நுழைந்துவிடும். ‘பின்னங்கள்’ என்று மட்டும் எழுதினால் அது பல வாரத்துப் பாடம். ஒரு பாடவேளைக்குள் அடங்குவதை எழுத வேண்டும்: பகுதி எண்கள் வெவ்வேறான இரண்டு பின்னங்களைக் கூட்டுதல்.

அடுத்தது நோக்கம். ‘மாணவர்கள் வேற்றினப் பின்னங்களைப் பற்றிப் புரிந்துகொள்வர்’ என்ற வாக்கியம் எத்தனையோ நோட்டுகளில் அப்படியே இருக்கிறது. புரிந்துகொண்டார்களா என்பதை எதைப் பார்த்துச் சொல்வது? மணி அடித்ததும் மாணவர் செய்து காட்டக்கூடிய செயலாக நோக்கம் இருக்க வேண்டும். இந்தப் பாடத்துக்கு இரண்டு போதும். ஒன்று, ‘இரண்டு வேற்றினப் பின்னங்களை ஒரே பகுதிக்கு மாற்றிக் கூட்டுவர்’. மற்றொன்று, ‘தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டுவது ஏன் தவறு என்று காரணம் கூறுவர்’. அறிதல், புரிதல், பயன்படுத்துதல், திறன் என்று படிவத்தில் கட்டங்கள் இருப்பதாலேயே எல்லாவற்றையும் நிரப்பப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நிரப்பிய ஏழு நோக்கங்களில் ஐந்தை அந்த வகுப்பு தொடக்கூட முடியாது.

நோக்கத்தின் மை காய்வதற்குள் மதிப்பீட்டை எழுதிவிடுங்கள். முதல் நோக்கத்துக்கு: 1/4 + 1/6 எவ்வளவு? இரண்டாவதற்கு: ‘ஒரு மாணவி 1/4 + 1/6 = 2/10 என்று எழுதியிருக்கிறாள்; இந்த விடை ஏன் பொருந்தாது?’ இங்கே அடிக்கடி நேரும் பிழை, வகுப்பில் போட்டுக் காட்டிய கணக்கையே மறுபடி கேட்பது. பலகையில் 1/2 + 1/3 செய்துவிட்டு மதிப்பீட்டிலும் அதையே கேட்டால், கைகள் எல்லாம் உயரும். ஆனால் அது நினைவாற்றலைத்தான் காட்டும். ‘வேற்றினப் பின்னம் என்றால் என்ன?’ என்று கேட்பதும் போதாது. நோக்கம் கூட்டச் சொல்கிறது. கேள்வி வரையறையைக் கேட்கிறது.

இப்போது முன்னறிவு. ‘மாணவர்களுக்கு ஓரினப் பின்னங்களைக் கூட்டத் தெரியும்’ என்று எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடக் கூடாது. அதைச் சோதிக்கும் கேள்வியும் அங்கேயே இருக்க வேண்டும். இந்தப் பாடத்துக்கு வேண்டியவை இரண்டே: 2/7 + 3/7 எவ்வளவு, 1/2-க்குச் சமமான பின்னங்கள் இரண்டு சொல். பாதி வகுப்பு 5/14 என்று சொன்னால் என்ன செய்வது என்றும் ஒரு வரி எழுதிவையுங்கள். அந்த நிலையில் புதுப் பாடத்தைத் தொடங்கினால், அன்றைய 45 நிமிடமும் வீண்.

ஆர்வமூட்டலுக்குப் பலர் கதை சொல்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்குக் கதை போய், கடைசியில் ‘இன்று நாம் பின்னங்களைப் பற்றிப் படிக்கலாம்’ என்று முடியும். கதைக்கும் பாடத்துக்கும் இருக்கும் ஒரே தொடர்பு அந்த வாக்கியம்தான். பாடத்தின் சிக்கலையே முன்னால் வைப்பது மேல். 1/2 + 1/3 என்று பலகையில் எழுதி விடையை ஊகிக்கச் சொல்லுங்கள். 2/5 என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். திருத்த வேண்டாம், பலகையின் ஓரத்தில் அப்படியே எழுதிவையுங்கள்.

வளர்ச்சிப் பகுதிதான் நீளமானது. 25 நிமிடமாவது ஒதுக்க வேண்டும். இங்கே ஆசிரியர் செயல், மாணவர் செயல் என்று இரண்டு பத்திகள் உண்டு. மாணவர் பத்தியை மட்டும் தனியே படித்துப் பாருங்கள். ‘மாணவர்கள் கவனிப்பர்’, ‘மாணவர்கள் பதிலளிப்பர்’ என்றே மேலிருந்து கீழ்வரை இருந்தால், அது சொற்பொழிவுக்கான குறிப்பு.

துணைக்கருவியாக அச்சடித்த படம் வேண்டியதில்லை. இருவருக்கு ஒன்றாக, 12 செ.மீ. நீளமுள்ள காகிதப் பட்டைகளை வெட்டிக்கொண்டு போனால் போதும். மாணவர் பத்தியில் இப்படி வரும்: பட்டையின் பாதியை அளந்து 6 செ.மீ.க்கு வண்ணமிடுவர், அடுத்து, முழுப் பட்டையில் மூன்றில் ஒரு பங்கு 4 செ.மீ. என்று கண்டு, அதைத் தொடர்ந்து வேறு வண்ணமிடுவர், 2 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு ஆறு சம பாகமாக்குவர். வண்ணமிட்டவை ஐந்து என்று எண்ணி 5/6 என எழுதுவர். பிறகு ஓரத்தில் இருக்கும் 2/5-ஐக் காட்டி, ‘இது பாதியைவிடப் பெரியதா, சிறியதா?’ என்று கேட்க வேண்டும். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறைவாக வருமா என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். மீச்சிறு பொது மடங்கு என்ற சொல்லும் முறையும் இதற்குப் பிறகுதான் வர வேண்டும். முறையை முதலில் சொல்லிவிட்டுப் பட்டையைக் கடைசியில் காட்டினால் அது வெறும் அலங்காரம்.

எதிர்பார்க்கும் விடைகளை எழுதும்போது சரியான விடையை மட்டும் எழுதுவது இன்னொரு பிழை. தவறான விடைகளையும், அவற்றுக்கு நீங்கள் கேட்கப்போகும் அடுத்த கேள்வியையும் எழுதுங்கள். புதியவர்கள் வகுப்பில் திகைத்து நிற்பது அந்த இடத்தில்தான்.

கரும்பலகைச் சுருக்கத்தைப் பலர் வகுப்பு முடிந்தபின் எழுதுகிறார்கள். எது எந்த மூலையில், எது கடைசிவரை அழியாமல் இருக்க வேண்டும் என்பதை முன்பே வரைந்துவைக்க வேண்டும். இந்தப் பாடத்தில் அந்த 2/5 அழிந்துவிட்டால் பாதிப் பாடம் போய்விடும். மீள்பார்வையில் ஆசிரியர் தொகுத்துச் சொல்லக் கூடாது. மாணவர் ஒருவர் படிகளைச் சொல்லட்டும். வீட்டுப்பாடத்துக்கு மூன்று கணக்கு போதும். அதில் ஒன்று 1/2 + 1/4 போல, ஒரு பகுதி மற்றொன்றின் மடங்காக இருக்கட்டும்.

ஒவ்வொரு பகுதிக்கும் நேரத்தை ஓரத்தில் எழுதுங்கள்: முன்னறிவும் ஆர்வமூட்டலும் 7 நிமிடம், வளர்ச்சி 25, மீள்பார்வை 4, மதிப்பீடு 7, வீட்டுப்பாடம் 2. நேரம் போதாமல் போனால் முதலில் வெட்டுப்படுவது மதிப்பீடு. அப்படி வெட்டாதீர்கள். இன்னோர் எடுத்துக்காட்டு போடுவதை விட்டுவிட்டு, அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டே வெளியே வாருங்கள்.

வகுப்பு முடிந்ததும், எத்தனை பேர் 5/12 எழுதினார்கள், எத்தனை பேர் 2/10 எழுதினார்கள் என்பதைக் குறிப்பின் அடியில் எழுதிவையுங்கள். மறுநாள் பாடக்குறிப்பின் முன்னறிவுப் பகுதியை அந்த இரண்டு எண்களைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.