திங்கட்கிழமை விழுந்த இன்ஃபோசிஸ்: அதில் எவ்வளவு அதன் சொந்த வீழ்ச்சி?

2023 ஏப்ரல் 13, வியாழக்கிழமை. சந்தை மூடிய பிறகு இன்ஃபோசிஸ் தன் நான்காம் காலாண்டு முடிவுகளை வெளியிட்டது. மறுநாள் அம்பேத்கர் பிறந்தநாள் என்று சந்தைக்கு விடுமுறை. அதைத் தொடர்ந்து சனி, ஞாயிறு. மூன்று நாள் காத்திருந்த முதலீட்டாளர்கள் திங்கள் காலை சந்தை திறந்ததும் விற்கத் தொடங்கினார்கள். பங்கு ஒரு கட்டத்தில் 15 சதவீதம் வரை சரிந்து, ஓரளவு மீண்டு, 9.4 சதவீத இழப்போடு முடிந்தது.

அந்தக் காலாண்டில் நிறுவனத்தின் நிகர லாபம் ரூ.6,128 கோடி. முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட இது 7.8 சதவீதம் கூடுதல். லாபம் கூடியும் பங்கு ஏன் விழுந்தது? லாபம் கூடும் என்பது ஏற்கெனவே விலையில் ஏறியிருந்தது. அடுத்த ஆண்டு வருமானம் 4 முதல் 7 சதவீதம்தான் வளரும் என்று நிறுவனமே சொன்னதைச் சந்தை எதிர்பார்க்கவில்லை. விலையை நகர்த்துவது செய்தியில் இருக்கும் எதிர்பாராத பகுதி மட்டுமே. அந்தப் பகுதியை எண்ணாக்கிக் காட்டும் முறையைத்தான் நிதித்துறை ஆய்வாளர்கள் நிகழ்வு ஆய்வு என்கிறார்கள்.

அந்தத் திங்களன்று நிப்டியும் 0.68 சதவீதம் இறங்கியது. ஊரே நனைகிற மழையில் இன்ஃபோசிஸும் கொஞ்சம் நனைந்திருக்கும். அதைக் கழித்தால்தான் முடிவுகளின் தாக்கம் தனியே தெரியும். ஆனால் எவ்வளவு கழிப்பது? சந்தை ஒரு சதவீதம் அசைந்தால் இந்தப் பங்கு வழக்கமாக எவ்வளவு அசையும் என்று தெரிய வேண்டும். அதற்காக முடிவுகள் வருவதற்கு முந்தைய சுமார் 250 வர்த்தக நாட்களை எடுக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் நிப்டியின் மாற்றத்தையும் பங்கின் மாற்றத்தையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்து, புள்ளிகளின் நடுவே ஒரு நேர்கோடு இழுக்கிறார்கள். கோட்டின் சாய்வு பீட்டா. சந்தை அசையாத நாளில் கோடு நிற்கும் இடம் ஆல்பா. இதுவே சந்தை மாதிரி. எக்செல்லில் பங்கின் மாற்றம் B பத்தியிலும் நிப்டி C பத்தியிலும் இருந்தால் இரண்டு வரி போதும்:

```
=SLOPE(B2:B251,C2:C251)
=INTERCEPT(B2:B251,C2:C251)
```

இந்த 250 நாட்களுக்குள் முடிவு வந்த நாள் நுழைந்துவிடக் கூடாது. நுழைந்தால், நாம் அளக்க நினைக்கும் அதிர்ச்சியே கோட்டைத் தன் பக்கம் இழுத்து அளவுகோலை வளைத்துவிடும்.

விளக்கத்துக்காக ஆல்பா சுழியம், பீட்டா 1.1 என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திங்களன்று பங்கிடம் எதிர்பார்த்திருக்க வேண்டியது 1.1 × (−0.68), அதாவது −0.75 சதவீதம். நடந்தது −9.4. இரண்டுக்கும் இடையிலான −8.65 சதவீதம்தான் இயல்பு மீறிய வருவாய்.

வேலை இதோடு முடிவதில்லை. முந்தைய வியாழனன்று, முடிவுகள் வருவதற்குச் சில மணி நேரம் முன்பே, நிப்டி கிட்டத்தட்ட அசையாமல் 0.09 சதவீதம் மட்டும் ஏறியிருந்தபோது, இன்ஃபோசிஸ் ஏறக்குறைய 2.8 சதவீதம் விழுந்திருந்தது. அன்றைய இயல்பு மீறிய வருவாய் சுமார் −2.9. செய்தியின் நிழல் முன்கூட்டியே விழுவது சந்தையில் வழக்கம்தான். அதனால்தான் ஒரு நாளை மட்டும் பார்க்காமல், முன்னும் பின்னும் சில நாட்களை ஒரு சாளரமாக எடுத்து, ஒவ்வொரு நாளின் இயல்பு மீறிய வருவாயையும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். வியாழனும் திங்களும் சேர்ந்தால் −11.55 சதவீதம். இதுவே திரண்ட இயல்பு மீறிய வருவாய்.

வியாழனின் சரிவு முழுவதையும் இன்ஃபோசிஸ் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. முந்தைய நாள் மாலைதான் டிசிஎஸ் தன் முடிவுகளை வெளியிட்டிருந்தது. ஒரே துறையின் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தால், கூட்டுத்தொகை இரண்டையும் பிரித்துக் காட்டாது.

இந்த வேலையில் நான் அடிக்கடி காணும் தவறு, சுழிய நாளைத் தப்பாகக் குறிப்பது. அறிவிப்புத் தேதி ஏப்ரல் 13 என்பதால், தேதிப்பட்டியலை அப்படியே கணினியில் ஏற்றுபவர் அந்த வியாழனைச் சுழிய நாளாக்கி, அந்த ஒரு நாளை மட்டும் அளப்பார். அவருக்கு −2.9 கிடைக்கும், −8.65 கண்ணிலேயே படாது. உண்மையில் சந்தை செய்தியைக் கேட்ட முதல் வர்த்தக நாள் 17-ஆம் தேதி. அதுதான் சுழியம்.

சாளரத்தை அகலமாகத் திறந்துவிட்டால் எதுவும் தப்பாதே என்று தோன்றலாம். ஆனால் அகலத்துக்கு ஒரு விலை உண்டு. சாதாரண நாட்களிலேயே பங்கு கோட்டைவிட்டு அங்குமிங்கும் அலையும். அந்த அலைச்சல் நாளொன்றுக்கு 1.2 சதவீதம் என்று கொள்வோம். நாட்கள் கூடக்கூட அது நாட்களின் வர்க்கமூலத்துக்கு ஏற்பப் பெருகும். இரண்டு நாளுக்கு 1.7, அதன் முன் −11.55 ஏறக்குறைய ஏழு மடங்கு. தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது. 41 நாள் சாளரத்தில் அலைச்சல் 7.7 ஆகிவிடும். அதே −11.55 இப்போது ஒன்றரை மடங்குதான். இவ்வளவு பெரிய வீழ்ச்சியைக்கூடத் தற்செயலிலிருந்து உறுதியாகப் பிரிக்க முடியாமல் போகும்.

அளவுகோலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் நாட்டுச் சந்தையில் இதைக் கவனித்தே ஆக வேண்டும். அப்போது நிப்டியின் எடையில் இன்ஃபோசிஸ் மட்டும் நூற்றுக்கு ஆறு, ஏழு. 9.4 சதவீத வீழ்ச்சியை அந்த எடையால் பெருக்கினால் 0.6-க்குச் சற்று மேல் வரும். நிப்டியின் மொத்த இறக்கமே 0.68! அன்று சந்தை என்று நாம் கழித்தது ஏறக்குறைய முழுக்க இன்ஃபோசிஸையேதான். அதை விலக்கிவிட்டுப் பார்த்தால் மற்ற சந்தை அநேகமாக அசையவில்லை. இயல்பு மீறிய வருவாய் −8.65 அல்ல, −9.3-ஐ ஒட்டி இருக்கும். பெரிய நிறுவனங்களை ஆராய்பவர்கள், அந்த நிறுவனத்தை நீக்கிய குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஒரே நிறுவனத்தின் ஒரே காலாண்டை வைத்துப் பொது விதி சொல்வதும் தவறு. க்ரெய்க் மெக்கின்லே 1997-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் குறியீட்டிலுள்ள 30 நிறுவனங்களின் 600 காலாண்டு அறிவிப்புகளை இதே முறையில் அளந்தார். ஆய்வாளர்களின் கணிப்பை லாபம் 2.5 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியிருந்தால் நல்ல செய்தி, அதே அளவுக்கு மேல் குறைந்திருந்தால் கெட்ட செய்தி. சுழிய நாளில் நல்ல செய்திக்குச் சராசரியாகச் சுமார் 0.97 சதவீத ஏற்றம், கெட்ட செய்திக்கு 0.68 சதவீத இறக்கம். ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனாலும் நூற்றுக்கணக்கான அறிவிப்புகளைச் சராசரி எடுக்கும்போது தனித்தனி அலைச்சல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுவதால், அந்தச் சிறு எண்ணே ஐயமின்றித் தெரிந்தது. தனிப் பங்கு ஒன்றில் அதே 0.97 வந்திருந்தால் யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

உங்கள் கையில் இருக்கும் பங்குக்கு அடுத்த காலாண்டு முடிவுகள் வரும்போது இதை நீங்களே செய்து பாருங்கள். பழைய விலைகள் தேசியப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் கிடைக்கின்றன. கணக்குப் போடும் முன், நிறுவனம் அறிவிப்பைத் தாக்கல் செய்த நேரத்தைப் பாருங்கள். மாலை 3.30 மணிக்கு மேல் என்றால், அடுத்த வர்த்தக நாள்தான் சுழிய நாள்.