19 சதவீத வட்டி காட்டிய லிரா

அறந்தாங்கியிலோ புதுக்கோட்டையிலோ பணம் மாற்றும் கடைக்குப் போனவர்களுக்கு அந்த விலைப் பலகை பழக்கம்தான். ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் எதிரே இரண்டு விலை இருக்கும், கடைக்காரர் வாங்குவது ஒன்று, விற்பது ஒன்று. நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் ஃபாரெக்ஸ் ஆப்களில் ‘ஸ்பிரெட்’ என்கிறார்கள். நீங்கள் வாங்கிய நொடியே அந்த அளவுக்கு நட்டத்தில் நிற்கிறீர்கள்.

டாலரோடு யூரோ, பவுண்டு, யென் போன்ற பெரிய நாணயங்கள் சேர்ந்தால் அது மேஜர் ஜோடி. டாலர் இல்லாமல் அந்தப் பெரிய நாணயங்களே ஒன்றோடொன்று சேர்ந்தால் மைனர். துருக்கி லிரா, தென்னாப்பிரிக்க ராண்ட் போன்றவை டாலரோடு சேர்ந்தால் எக்ஸாடிக். சமூக வலைதள விளம்பரங்களில் “ஒரே நாளில் பெரிய லாபம்” என்று காட்டப்படுவதில் இந்தக் கடைசி வகையும் உண்டு.

யூரோ-டாலரில் விலை சொல்லும் வங்கி, தன் கையில் வந்ததை அடுத்த விநாடியே வேறொருவரிடம் தள்ளிவிடும். அவ்வளவு ஆள் நடமாட்டம். லிராவுக்கு எதிர்த்தரப்பு அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. கிடைக்கும்வரை விலை இறங்கும் ஆபத்தை வங்கியே சுமக்க வேண்டும். அந்தச் சுமைக்கான கூலியை இடைவெளியில் சேர்த்துவிடுகிறது. விற்பவரும் வாங்குபவரும் குறைவாக இருப்பதால், ஒரு பெரிய ஆர்டரோ ஒரு கெட்ட செய்தியோ வந்தால் விலை படிப்படியாக இறங்காமல் குதித்து விழுகிறது.

2021 மார்ச் மாதத்தை எடுத்துக்கொள்வோம். 18-ஆம் தேதி துருக்கி மத்திய வங்கி வட்டியை 19 சதவீதமாக உயர்த்தியது. டாலரை விற்று லிராவை வாங்கி வைத்தால் வட்டி வித்தியாசமும் கிடைக்குமே என்ற ஆசை வருவது இயல்பு. ஒருவர் 500 டாலர் கட்டி, 100 மடங்கு கடன் வசதியில், 10,000 டாலர் அளவுக்கு 7.22 லிரா விலையில் அப்படிச் செய்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 0.02 லிரா என்றால் நுழைந்தவுடன் 200 லிரா, அதாவது சுமார் 28 டாலர் காலி. அதே அளவில் யூரோ-டாலரில், இடைவெளி ஒரு பிப் என்ற மிகச் சிறிய அளவுதான் என்றால், போவது ஒரு டாலர்தான். நட்டம் மிஞ்சாமலிருக்க 7.30-இல் ‘ஸ்டாப் லாஸ்’ வைக்கிறார். அது வேலை செய்தால் நட்டம் 110 டாலரோடு நிற்கும்.

20-ஆம் தேதி, சனிக்கிழமை, மத்திய வங்கித் தலைவர் நாஜி அக்பால் நீக்கப்பட்டார். சந்தை விடுமுறை. மறுபடி திறந்தபோது லிரா ஒரு கட்டத்தில் 15 சதவீதம் வரை விழுந்தது. 7.30 என்ற விலையில் யாருமே வியாபாரம் செய்யவில்லை, அதைத் தாண்டித்தான் சந்தை திறந்தது. நம்மவரின் ஆர்டர் 8.30-இல் நிறைவேறியிருந்தால் நட்டம் 1,300 டாலர். கட்டிய 500 போக, மேலும் 800 கடன். மேஜரிலும் இப்படி நடந்ததுண்டு, 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் பிராங்க். ஆனால் அங்கே அது அபூர்வம்.

இதெல்லாம் நேர்மையான புரோக்கரிடம் நடக்கக்கூடியது. அனுமதியில்லாத ஆப்பில் பெரும்பாலும் உங்கள் எதிர்த்தரப்பே அந்த ஆப்தான். இடைவெளியை நினைத்தபோது விரிக்கலாம், பணத்தை எடுக்கவிடாமல் “முதலில் வரி கட்டுங்கள்” என்று இழுக்கலாம். பணத்தை நிறுவனப் பெயரில் இல்லாத தனிநபர் கணக்குக்கோ யுபிஐ எண்ணுக்கோ அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சட்டம் இங்கே தெளிவாகவே இருக்கிறது. இந்தியாவில் வசிப்பவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி, அனுமதி பெற்றவர்களிடமும் ரிசர்வ் வங்கி அங்கீகரித்த தளங்களிலும் என்எஸ்இ, பிஎஸ்இ போன்ற பங்குச் சந்தைகளிலும் மட்டுமே நாணய வியாபாரம் செய்யலாம். அந்தப் பங்குச் சந்தைகளில் ரூபாயோடு டாலர், யூரோ, பவுண்டு, யென் சேர்ந்த ஜோடிகளும், ரூபாய் இல்லாமல் அந்த நாணயங்களே சேர்ந்த மூன்று குறுக்கு ஜோடிகளும் உண்டு. லிரா இல்லை. அதற்கும் 2024 மே முதல் உண்மையான அந்நியச் செலாவணி வரவு அல்லது தேவை இருக்க வேண்டும். வெளிநாட்டு உரிமத்தைக் காட்டுவது இங்கே செல்லாது. மீறினால் தொகையில் மூன்று மடங்கு வரை அபராதம் வரலாம். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் 34 பெயர்களோடு எச்சரிக்கைப் பட்டியல் வெளியிட்டு, பின்பு நீட்டியும் வருகிறது. அதில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு ஆப் அனுமதி பெற்றதாகிவிடாது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு நாள் கடத்தாதீர்கள். உடனே 1930-ஐ அழையுங்கள், அல்லது cybercrime.gov.in-இல் புகார் பதியுங்கள். பணம் கைமாறி வெளியேறும் முன் கணக்கை முடக்க அந்த முதல் சில மணி நேரமே வாய்ப்பு. பரிவர்த்தனையின் யுடிஆர் எண், பெற்றவரின் கணக்கு விவரம், வாட்ஸ்அப் உரையாடல், ஆப்பின் ஸ்கிரீன்ஷாட்டுகள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அனுமதியில்லாத தளத்தைப் பற்றி ரிசர்வ் வங்கியின் sachet.rbi.org.in தளத்திலும் புகார் செய்யலாம். பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று கட்டணம் கேட்டு யாராவது அழைத்தால், அதையும் அதே 1930-க்குச் சொல்லுங்கள்.