பொங்கல் வாழ்த்தில் குடும்பப் படம்

ஐந்து பேர் கொண்ட குடும்பத்தைக் கோட்டோவியமாக்கி, பொங்கல் வாழ்த்து அட்டை அச்சிடப் போகிறீர்கள். அளவு 5க்கு 7 அங்குலம், நிமிர்ந்த வாக்கு. முகங்களை அச்சு அசலாக வரைய வேண்டாம். தாத்தாவுக்குத் தடித்த கண்ணாடி, பாட்டிக்கு மூக்குத்தி, பேத்திக்கு இரட்டைச் சடை என்று ஆளுக்கு ஓர் அடையாளம் போதும். பார்த்ததும் யாரென்று தெரிந்துவிடும்.

மேல் மூன்றில் இரண்டு பங்கு படத்துக்கு, மீதி வாழ்த்துக்கு. ஐவரையும் வரிசையாக நிறுத்தினால் தலைகள் சிறுத்துப்போகும். பெரியவர்களை உட்காரவைத்து, மற்றவர்களைப் பின்னால் நெருக்கமாக நிறுத்துங்கள்.

அச்சகத்தில் வெட்டும்போது கத்தி ஒரு மில்லிமீட்டராவது விலகலாம். அதனால் பின்னணி நிறத்தை அட்டையின் விளிம்பைத் தாண்டி நாற்புறமும் 3 மி.மீ. நீட்டுங்கள். முகம், கை, எழுத்து எல்லாம் விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே இருக்கட்டும். ஓரத்தை ஒட்டி மெல்லிய கட்டம் போடாதீர்கள். கத்தி சற்று விலகினாலும் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கீழே ஓரம் போக ஏறக்குறைய 50 மி.மீ. உயரம் கிடைக்கும். அச்சிட்ட வாழ்த்துக்கு 15 மி.மீ. கொடுத்தால், கையால் எழுத நான்கு வரிக்கு இடமிருக்கும். அங்கே கோலமோ கரும்போ வேண்டாம். பளபளப்பான லேமினேஷனும் கூடாது. பேனா மை ஒட்டாமல் ஈஷிக்கொள்ளும்.