மன்னிப்பு மடல் யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

2021 டிசம்பர் 1 அன்று அமெரிக்க வீட்டுக்கடன் நிறுவனமான பெட்டர் டாட் காமின் தலைமை நிர்வாகி விஷால் கார்க் ஒரு ஜூம் அழைப்பில் பேசினார். எதிர்முனையில் சுமார் 900 ஊழியர்கள் இருந்தார்கள். இந்த அழைப்பில் இருப்பவர்களுக்கெல்லாம் வேலை போய்விட்டது, அதுவும் இந்த நொடியிலிருந்தே என்று அறிவித்தார். முன்பு ஒருமுறை இப்படிச் செய்தபோது தான் அழுததாகவும் சொல்லிக்கொண்டார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, பேச்சு முடிந்துவிட்டது. யாரோ அதைப் பதிவுசெய்து வெளியிட, உலகமே பார்த்தது.

ஒரு வாரத்துக்குள் கார்க் ஊழியர்களுக்கு மன்னிப்பு மடல் எழுதினார். பாதிக்கப்பட்டவர்களுக்கு உரிய மரியாதையைக் காட்டத் தவறிவிட்டேன், ஆட்குறைப்பு என்னுடைய முடிவுதான், அதை அறிவித்த விதத்தில் சொதப்பிவிட்டேன், உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்பது அதன் சாரம்.

மடல் மோசமில்லை. ‘யார் மனதாவது புண்பட்டிருந்தால்’ என்று நழுவவில்லை. எச்.ஆர். துறையின் தலையிலும் பழியைப் போடவில்லை. முடிவு வேறு, அதைச் சொன்ன விதம் வேறு என்று பிரித்துக் காட்டியதும் சரியே. ஆட்குறைப்பை ரத்துசெய்யப் போவதில்லை என்றால், அதற்கு மன்னிப்புக் கேட்பது வெறும் நடிப்பாகிவிடும். சொன்ன விதத்துக்கு மட்டும்தான் கேட்க முடியும்.

ஆனால் ‘உங்களை’ என்பது யாரை? வேலையில் மிஞ்சியவர்களை. காயம் பட்டவர்கள் அந்த 900 பேர். நிறுவனத்தின் மின்னஞ்சல் அவர்களுக்குத்தான் அடைபட்டுப் போயிருந்ததே! அவர்களைப் பற்றி மடலில் பேச்சு உண்டு, அவர்களிடம் பேச்சு இல்லை. இன்னொரு குறை, ‘சொதப்பல்’ எது என்று பிரித்துச் சொல்லாதது. கூட்டமாகக் கூப்பிட்டுச் சொன்னதா, பண்டிகைக் காலத்துக்கு முன் சொன்னதா, தன் கண்ணீர்க் கதையை நடுவில் கொண்டுவந்ததா? எதைத் திருத்திக்கொள்ளப் போகிறார் என்பதைப் படிப்பவர்களே ஊகிக்க வேண்டியிருந்தது.

இதோடு ஒப்பிட ஒரு மடல் இருக்கிறது. பேஜர்டூட்டி என்ற மென்பொருள் நிறுவனம் 2023 ஜனவரி 24 அன்று சுமார் 7 சதவீத ஊழியர்களை நீக்கியது. தலைமை நிர்வாகி ஜெனிஃபர் டெஹாடாவின் நீண்ட மடலில் நிறுவனத்தின் பெருமைகளும் சிலருக்குக் கிடைத்த பதவி உயர்வுகளும் சேர்ந்தே வந்தன. முத்தாய்ப்பாக, சோதனைக் காலத்தில்தான் ஒரு தலைவரின் உண்மையான அளவு தெரியும் என்ற மார்ட்டின் லூதர் கிங்கின் கருத்து. வேலையிழந்தவர்களுக்கு நடுவில் தன்னைத்தானே அளந்து பார்த்துக்கொள்ளும் தலைவர்! கொதித்துப்போனார்கள்.

மூன்று நாள் கழித்து வந்த மன்னிப்பு நான்கைந்து வாக்கியம்தான். கிங்கின் மேற்கோளைச் சேர்த்தது பொருத்தமற்றது, உணர்வற்றது. ஆட்குறைப்பை இன்னும் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். தொனியில் கவனம் இருந்திருக்க வேண்டும். சுருக்கமாக எழுதியிருக்க வேண்டும். வருந்துகிறேன். இவ்வளவே அதன் பொருள்.

முதல் மடலின் பிழை ஒவ்வொன்றும் இதில் பெயர் சொல்லி வந்துவிட்டது. நோக்கம் நல்லது என்ற வாதம் இல்லை, தான் பட்ட வேதனையின் விவரிப்பும் இல்லை. நீளமாக எழுதியதற்குக் கேட்ட மன்னிப்பு நீளமாக இல்லை என்பதை நான் தனியாக மெச்சுவேன். இதே அளவுகோலில் கார்க் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

“உங்கள் வேலை போனதை நூற்றுக்கணக்கானவர்களோடு சேர்த்து மூன்று நிமிடத்தில் சொன்னேன். கேள்வி கேட்க இடம் தரவில்லை. அந்த நேரத்தில் என் அழுகையைப் பற்றிப் பேசினேன். மூன்றுமே தவறு. இனி இப்படி ஒரு நிலை வந்தால் ஒவ்வொருவரிடமும் அவரவர் மேலாளர் நேரில் பேசுவார். இந்த மடல் உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரிக்கு வருகிறது.”

இது என் கற்பனை மடல். கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் இதில் விலை உயர்ந்தவை. நடந்ததா இல்லையா என்று பின்னால் யாரும் சரிபார்த்துவிட முடியும் என்பதால், நிர்வாகிகள் இப்படிப்பட்ட வாக்கியங்களைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

கார்க்கின் மடல் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. தகவல் தொடர்புத் துறையின் மூத்தவர்கள் சிலர் விலகினார்கள். அதே டிசம்பரில் அவரும் விடுப்பில் போனார், ஜனவரியில் திரும்பினார். 2022 மார்ச்சில் அமெரிக்காவிலும் இந்தியாவிலுமாக ஏறத்தாழ 3,000 பேரைக் குறைக்கும் அடுத்த சுற்று வந்தது. இந்த முறை ஜூம் அழைப்பு இல்லை. முறையான தகவல் வருமுன்பே, சம்பளக் கணக்கைப் பார்க்கும் செயலியில் பணிநீக்க இழப்பீட்டுத் தொகை ஏறியிருப்பதைக் கண்டுதான் சிலர் தங்களுக்கு வேலை போனதைத் தெரிந்துகொண்டார்கள்.